அத்தியாயம் 9: ஐந்து திருத்தங்களில் எது கை மீறியது?

ஒரே படத்தை ஐந்து விதமாகத் திருத்தி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறீர்கள். கண் சட்டென்று ஒன்றில் போய் நின்றுவிடும். பெரும்பாலும் அது கலர் தூக்கலாகவும் பளிச்சென்றும் இருக்கிற படம்தான். அதையே அனுப்பிவிடுவீர்கள். ஒரு வாரம் கழித்து அதைப் பார்த்தால், இதையா தேர்ந்தெடுத்தோம் என்று இருக்கும்.

சாம்பாரில் உப்பு பார்ப்பவர் நாலைந்து தடவை நாக்கில் விட்டுப் பார்த்தபின் உப்பு உறைக்காது. இன்னும் கொஞ்சம் போடுவார். திரை முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர் கண்ணுக்கும் அதே கதிதான். அதனால் முதல் பார்வையில் எது பிடித்தது என்பதை இந்த அத்தியாயத்தில் கணக்கில் எடுக்கப்போவதில்லை. ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நடக்கப்போகிறோம்: அங்கே அப்போது இருந்த வெளிச்சத்தில் இது இப்படித் தெரிந்திருக்குமா?

திருத்துவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அன்செல் ஆடம்ஸ் 1941-இல் எடுத்த ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்’ படத்தைப் பிற்காலத்தில் அச்சிட்டபோது வானத்தை ஏறக்குறைய கரியாகவே இருட்டினார். அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. நம்மில் பலருக்கு நடப்பது வேறு: இயல்பாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே கை மீறிப் போய்விடுகிறோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் படம்

காலை ஏழு மணி. ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அரக்குச் சேலை, கையில் எவர்சில்வர் டம்ளர், முதுகுக்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். வெயில் இடப்பக்கமிருந்து சாய்வாக விழுகிறது. இடது கன்னத்தில் வெயில், வலது கன்னத்தில் நிழல். படத்தின் இடது மேல் மூலையில் ஒரு வேப்பமரமும் கொஞ்சம் வானமும்.

இதை ஐந்து விதமாகத் திருத்தினேன். முதலாவதில் வெளிச்சத்தையும் வெள்ளைச் சமநிலையையும் மட்டும் லேசாகத் தொட்டேன். இரண்டாவதில் நிழலை நன்றாகத் தூக்கினேன். மூன்றாவதில் Clarity ஸ்லைடரைப் பாதிக்கு மேல் தள்ளினேன். நான்காவதில் தோலை மிருதுவாக்கி முகத்துக்கு நிறம் கூட்டினேன். ஐந்தாவதில் Saturation. ஐந்தையும் செய்து முடித்த கையோடு பார்த்தபோது எனக்கு மூன்றாவதுதான் ‘அள்ளிக்கொண்டு போகிறது’ என்று பட்டது. முடிவு எங்கே போய் நின்றது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பார்க்க உட்காரும் முன்

1. மூலப் படத்தைத் தனி ஃபோல்டரில் பத்திரப்படுத்துங்கள். அதன்மேல் எதையும் சேமிக்கக் கூடாது. ஒப்பிடுவது எல்லாம் நகல்களை வைத்துத்தான்.

2. எல்லாத் திருத்தங்களையும் ஒரே அளவில், ஒரே தரத்தில், sRGB-யில் ஜேபெக்காக எடுங்கள். ஒன்றை மட்டும் வாட்ஸ்அப் வழியாக வாங்கியிருந்தால் அது அமுங்கி வந்திருக்கும். அதைப் போட்டியில் சேர்க்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

3. திரையில் இரவு நேர மஞ்சள் விளக்கு வசதி எரிந்துகொண்டிருந்தால் அணையுங்கள். போனில் பார்க்கிறீர்கள் என்றால் திரை Vivid-இல் இருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங் போன்களில் Settings போய் Display-இல் Screen mode என்ற இடத்தில் Natural என்று மாற்றலாம். Vivid-இல் எல்லாப் படமும் ஏற்கெனவே ஒரு கரண்டி உப்பு கூடுதலாகத்தான் வரும்.

4. படத்தைச் சுற்றியுள்ள திரைப்பகுதி நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். கறுப்புப் பின்னணியில் மந்தமான படமும் ஜொலிக்கும்.

5. மூலப் படத்தையும் கூட்டத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது ஒரு திருத்தத்தை இரண்டு நகலாகப் போடுங்கள். இப்போது ஏழு படம். வீட்டில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு 1 முதல் 7 வரை கலைத்துப் பெயர் மாற்றச் சொல்லுங்கள். எது எது என்று அவர் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளட்டும்.

அந்த இரட்டை நகல் உங்களுக்கு வைக்கும் பரீட்சை. இரண்டும் ஒரே படம் என்று தெரியாமல் ஒன்றை முதலிடத்திலும் மற்றதை ஐந்தாவது இடத்திலும் வைத்தீர்கள் என்றால், அன்றைக்கு உங்கள் கண் தீர்ப்புச் சொல்லும் நிலையில் இல்லை. எழுந்து போய்விடுங்கள்.

வெளிச்சத்தைச் சமப்படுத்துங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். இரண்டு படத்தில் ஒன்று கொஞ்சம் வெளிச்சமாக இருந்தால், மற்றபடி அது எப்படி இருந்தாலும் அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். அந்தச் சலுகையை எடுத்துவிட்ட பிறகுதான் போட்டி நியாயமாகும்.

கிம்ப் மென்பொருளில் ஏழு படத்தையும் File பட்டியலில் உள்ள Open as Layers வழியாக ஒன்றின்மேல் ஒன்றாகத் திறங்கள். Histogram பலகத்தில் Mean என்று ஓர் எண் தெரியும். தேர்ந்தெடுத்த லேயரின் சராசரி வெளிச்சம் அது. என் படங்களில் மூலம் 104, நிழல் தூக்கியது 131. இந்த வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் 131-தான் ஜெயிக்கும். Levels திறந்து நடுவில் இருக்கிற சிறு முக்கோணத்தை நகர்த்தி, எல்லாவற்றையும் ஐந்து எண் இடைவெளிக்குள் கொண்டுவாருங்கள். இது ஒப்பிடுவதற்கான நகலில் மட்டும் செய்யும் வேலை. உண்மையான திருத்தத்தைத் தொட வேண்டாம்.

பிறகு லேயருக்குப் பக்கத்தில் உள்ள கண் குறியை அணைத்து அணைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். படம் இடம் மாறாமல் நின்ற இடத்திலேயே மாறும். லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள் C அழுத்தி இரண்டு இரண்டாகவோ N அழுத்திப் பலவற்றையோ பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் பக்கத்தில் வைப்பதில் ஒரு வம்பு உண்டு. கலர் தூக்கலான படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சாதுவான படம் நோயாளி மாதிரித் தெரியும். அதனால் நான் ஒன்றன்பின் ஒன்றாகவே பார்க்கிறேன், நடுவில் சில விநாடி வெறும் சாம்பல் திரையோடு.

முதல் சுற்று: நிழல் எங்கே போயிற்று?

படத்தைச் சிறிதாக்குங்கள், உள்ளங்கை அளவுக்கு. விவரமெல்லாம் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். இப்போது வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேளுங்கள். பதில் உடனே வர வேண்டும்.

என் மூலப் படத்தில் பாட்டியின் இடது கன்னத்தில் கலர் பிக்கரை வைத்தால் சிவப்பு 176, வலது கன்னத்தில் 92. நிழலைத் தூக்கிய படத்தில் வலது கன்னம் 151-க்கு வந்துவிட்டது. தனியாகப் பார்த்தால், முகம் முழுக்கத் தெரிகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மூக்கின் நிழல் இன்னமும் வலப்பக்கம் சாய்ந்து விழுகிறது. திண்ணைத் தூணின் நிழல் சுவரில் கறுப்பாகக் கிடக்கிறது. தூணின் நிழல் அவ்வளவு ஆழமாக இருக்கும்போது கன்னத்து நிழல் மட்டும் எப்படிக் கரைந்தது? படம் செயற்கையாக இருக்கிறது, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை என்று பலரும் சொல்வது இந்த மாதிரி இடத்தில்தான். வெளிச்சம் இரண்டு கதை சொல்கிறது.

நிழலைத் தூக்கவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. நேரில் நின்று பார்த்த உங்கள் கண்ணுக்கு அந்த நிழலுக்குள் கேமராவை விட அதிகமாகவே தெரிந்திருக்கும். 92-ஐ 110 ஆக்கினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வெயில் கன்னத்துக்கும் நிழல் கன்னத்துக்கும் உள்ள தூரம் கண்ணால் பார்த்தவுடனே தெரிகிற வரைக்கும் சரி.

இன்னொரு அடையாளமும் உண்டு. நிழலைத் தூக்கும்போது அதற்குள் இருந்த புள்ளி இரைச்சலும் கூடவே எழும்பும். படத்தை 100% அளவுக்குப் பெரிதாக்கித் திண்ணைக்கு அடியில் இருட்டாக இருந்த மூலையைப் பாருங்கள். அங்கே சிவப்பும் பச்சையுமாகக் குருணை கொட்டியது மாதிரி இருந்தால், கறுப்பாகவே விட்டிருக்க வேண்டிய இடத்தை யாரோ தோண்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது சுற்று: விளிம்புகள்

இப்போது 100% அளவில், இருட்டும் வெளிச்சமும் முட்டிக்கொள்ளும் எல்லைகளை மட்டும் தேடுங்கள். என் படத்தில் அவை இரண்டு: வேப்ப மரக்கிளையும் வானமும் சேரும் இடம், பாட்டியின் தலைமுடியும் வெள்ளைச் சுவரும் சேரும் இடம்.

மூன்றாவது திருத்தத்தில் தலையைச் சுற்றிச் சாமி படத்தில் இருப்பது மாதிரி ஓர் ஒளிவட்டம். முப்பது நாற்பது பிக்சல் அகலத்துக்குச் சுவர் தலைக்குப் பக்கத்தில் அதிக வெள்ளையாகவும், தள்ளிப் போகப் போகச் சாம்பலாகவும் இருந்தது. ஒரே சுண்ணாம்பு அடித்த, ஒரே வெயில் படுகிற சுவர் அது. Clarity, HDR, Shadows மூன்றுமே ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு மாற்றுகிறவை. அளவு மீறினால் எல்லையில் இப்படிக் கசியும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது ஷார்ப்பன் செய்வதால் வரும் கோடு. அது ஒன்றிரண்டு பிக்சல் அகலம்தான் இருக்கும், பேனாவால் வரைந்தது மாதிரி. அகலமான வட்டம் தெரிந்தால் டோன் திருத்தத்தைக் குறையுங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் ஷார்ப்பனைக் குறையுங்கள். ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நோய் போகாது.

*குறிப்பு:* எல்லைகள் சரியாகத் தெரியவில்லை என்றால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நிறம் திசை திருப்பாதபோது ஒளிவட்டம் தானே முன்னால் வந்து நிற்கும்.

மூன்றாவது சுற்று: முகமும் கையும்

பல வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண ஆல்பம் செய்துகொடுத்தேன். பொண்ணு மாலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம், பக்கம் முழுக்கப் பெரிதாக. பொண்ணின் அத்தை ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அங்கே நிறுத்தி, “ஏன் தம்பி, கை எங்க வீட்டுப் பொண்ணோடது. முகம் யாரோடது?” என்று கேட்டார். முகத்தை மட்டும் நிறம் கூட்டிவிட்டு, கழுத்தையும் மாலைக்கு நடுவில் தெரிந்த கையையும் அப்படியே விட்டிருந்தேன்.

அன்றிலிருந்து முகத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. முகம், கழுத்து, காது, கை என்று ஒரு சுற்று வந்துதான் தீர்ப்பு. நான்காவது திருத்தத்தில் இதே கோளாறு. பாட்டியின் வெயில் கன்னத்துக்கும் அதே வெயிலில் டம்ளரைப் பிடித்திருக்கும் விரல்களுக்கும் மூலப் படத்தில் நிறம் ஏறக்குறைய ஒன்று. திருத்தத்தில் முகம் இரண்டு படி வெளுத்துவிட்டது, விரல் அதே மாநிறத்தில் நிற்கிறது. நம் ஊரில் மிகைத் திருத்தம் அதிகம் நடப்பது இங்கேதான். பல போன்களில் அழகுபடுத்தும் வசதி கேட்காமலே இதைச் செய்துவிடுகிறது.

அடுத்து தோலின் இழை. 100% அளவில் கன்னத்தில் துவாரங்களும் மெல்லிய ரோமமும் தெரிகின்றனவா? நான்காவதில் கன்னம் மெழுகு மாதிரி மொழுமொழுவென்று இருக்கிறது. ஆனால் கண்ணோரச் சுருக்கத்தில் தூரிகை படவில்லை. வழவழப்பும் சுருக்கமும் ஒட்டுப்போட்டது மாதிரி ஒரு எல்லையில் சந்திக்கின்றன. மூன்றாவதில் இதற்கு நேர்மாறு: Clarity ஒவ்வொரு சுருக்கத்தையும் கருங்கல்லில் உளி வைத்தது மாதிரி வெட்டியிருக்கிறது. பாட்டிக்குப் பத்து வயசு கூடிவிட்டது. ‘கேரக்டர்’ இருக்கிறது என்று இதைச் சொல்லிக்கொள்கிறோம். தோலை அழித்தால் மட்டும்தான் மிகை என்று நினைப்பவர்கள் இதைக் கோட்டைவிடுவார்கள்.

கடைசியாகக் கண். நிழலில் இருக்கிற வலது கண்ணின் வெண்படலம், வெயில் படுகிற சுண்ணாம்புச் சுவரை விட வெள்ளையாக இருக்க முடியாது. இருந்தால் யாரோ தடவியிருக்கிறார்கள். பல்லுக்கும் இதே விதி.

நான்காவது சுற்று: நிறம்

பெரும்பாலோர் வானத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் சேலையைப் பார்ப்பேன். அரக்கு, குங்குமச் சிவப்பு, செவ்வந்தி மஞ்சள் போன்ற அடர்ந்த நிறங்கள்தான் முதலில் உடையும்.

ஒரு நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் எது குறைவோ அது இன்னும் கீழே தள்ளப்படும். பாட்டியின் சேலையில் வெயில் படுகிற மடிப்பு மூலத்தில் சிவப்பு 128, பச்சை 30, நீலம் 41. மடிப்பின் பள்ளத்தில் மூன்றும் இன்னும் தாழ்வு. ஐந்தாவது திருத்தத்தில் மேட்டிலும் பள்ளத்திலும் பச்சை 0. மடிப்பைக் காட்டிக்கொண்டிருந்த சிறு சிறு வித்தியாசங்களில் ஒரு பங்கு அதோடு போயிற்று. துணி மாதிரி இல்லாமல் சிவப்பு பிளாஸ்டிக் பாய் மாதிரி இருக்கிறது. எண் பார்க்க நேரமில்லை என்றால் ஜரிகைக் கரையைப் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் சரி. மஞ்சள் பெயிண்ட் பட்டையாகத் தெரிந்தால் கை மீறிவிட்டது.

வானத்துக்கு ஒரே சோதனை போதும். தெளிந்த நாளில் தலைக்கு மேலே வானம் அடர்ந்தும் அடிவானத்தை நெருங்க நெருங்க வெளிறியும் இருக்கும். மேலும் கீழும் ஒரே நீலமாக இருந்தால் நம்பாதீர்கள். அந்த இறக்கம் வழுக்கிக்கொண்டு வராமல் படிக்கட்டு மாதிரிப் பட்டை பட்டையாக இருந்தால், ஜேபெக்கையே திரும்பத் திரும்பத் திருத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

வெள்ளையில் ஒரு பொதுத் தவறு உண்டு. சுவர் சுண்ணாம்பு வெள்ளைதானே என்று மூன்று எண்ணும் சமமாகும்வரை வெள்ளைச் சமநிலையை இழுப்பார்கள். காலை ஏழு மணி வெயில் படும் சுவர் கொஞ்சம் மஞ்சளோடுதான் இருக்கும். அதைத் துடைத்தெடுத்தால் ஏழு மணி பதினோரு மணி ஆகிவிடும், நிழல் மட்டும் நீளமாகவே கிடக்கும்.

எது என்ன செய்தது என்று பார்க்க

சந்தேகம் தீராத இரண்டு படத்துக்கு மட்டும் இது. கிம்ப்பில் கீழே மூலத்தையும் மேலே திருத்தத்தையும் வைத்து, மேல் லேயரின் Mode-ஐ Difference என்று மாற்றுங்கள். மாறாத இடம் கறுப்பாகவும் மாறிய இடம் வெளிச்சமாகவும் தெரியும். படம் முழுக்க மெல்லிய சாம்பல் பரவியிருந்தால் பொதுவான திருத்தம். முகம் மட்டும் முகமூடி மாதிரி ஒளிர்ந்தால் அங்கே தனியாகக் கை வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்தைச் சமப்படுத்திய நகலில் இதைச் செய்தால் அந்தச் சமப்படுத்தலும் சேர்ந்து தெரியும். அதனால் அசலான திருத்தத்தை வைத்தே செய்யுங்கள்.

மறுநாள் காலை

அன்றைக்கே தாளைப் பிரிக்காதீர்கள். உங்கள் வரிசையை எழுதி வைத்துவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் படங்களை இடம் வலமாகத் திருப்பிப் போட்டு, ஒவ்வொன்றையும் ஐந்து விநாடி மட்டும் பாருங்கள். பழகிய படம் திரும்பி நின்றால் கண் அதைப் புதுப்படமாக எடுத்துக்கொள்ளும். இரண்டு நாள் வரிசையும் ஏறக்குறைய ஒத்துப்போனால் தாளைப் பிரிக்கலாம்.

எனக்கு முதல் நாள் மனம் கவர்ந்த மூன்றாவது திருத்தம் கடைசிக்கு முந்தின இடத்துக்குப் போயிருந்தது. கடைசி இடம் முகம் வெளுத்ததற்கு. இரட்டை நகலாக நான் போட்டது முதல் திருத்தத்தை. அவை இரண்டும் 1, 2 என்று அடுத்தடுத்து நின்றன. மூலப் படம் மூன்றாவது. அதாவது, நான் கை வைத்த ஐந்தில் நான்கு, கை வைக்காமலே விட்டிருந்தால் தேவலை என்ற ரகம்.

தோற்ற படத்தைத் தூக்கிப் போட வேண்டாம்

இரண்டாவது திருத்தத்தில் எனக்கு ஆசை விடவில்லை. நிழலில் இருந்த கண்ணின் பார்வை அதில்தான் தெரிந்தது. இப்படிப்பட்ட படத்தை மீட்க ஒரு குறுக்கு வழி உண்டு. கீழே முதல் திருத்தம், மேலே இரண்டாவது. மேல் லேயரின் Opacity-ஐ 0-க்குக் கொண்டுபோய், அங்கிருந்து மெதுவாக ஏற்றுங்கள். 100-இலிருந்து இறக்காதீர்கள், இறக்கினால் அதிகமான இடத்திலேயே கண் நின்றுவிடும். என் படத்தில் 20-இல் வலது கண் திறந்தது. 40-இல் தூண் நிழலும் கன்னமும் சண்டை போட ஆரம்பித்தன. 25-இல் நிறுத்தி, நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போடக் கொடுத்தேன்.